எந்தப் படியில் விழுவது

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாங்கில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலைத்தான் மையில் தொடுகிறார். ஆகவே யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில் ஆங்கிலம் படித்து, ஆசிரியையாகத் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தபோது நான் சற்று நிமிர்ந்துதான் நடந்தேன். மீன் காயவைக்கும் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது உலக யுத்த காலம் அது. கோயில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பின்னேரத்தில், வளர்ந்த ஆண்களுக்கு ஆங்கில வகுப்பு நடந்தது. கப்பல் வந்து அணையும் பாலத்தில் வேலை செய்பவர்கள், சுங்கக் கந்தோரில் சாமான் எண்ணுபவர்கள், தண்டவாளத்து ஆட்கள் என்று பலரும் வந்தார்கள். படிப்பித்துக்கொண்டிருந்த மாஸ்டர் கொழும்பில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இடத்தை நிரப்ப ஆண் ஆசிரியர் எவரும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாயிருந்த பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, மூண்டு வகுப்பும் இப்ப உன்ர கையில. ஆனா ஆர் எந்த வகுப்பில இருக்க வேணுமெண்டு எனக்கே விளங்கேல்லை. மாஸ்டர் வயசைப் பாத்து இருத்தினவர்."

உண்மைதான். நரைத்த தலைகள் மேல் வகுப்பிலும் கறுத்த தலைகள் கீழ் வகுப்பிலும் இருந்தன. கப்பற்காரர்களோடு ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கக்கூடிய இளைஞன் ஒருவன் கீழ் வகுப்பில் எழுத்துக்கூட்டும் பாடத்தில் நித்திரை தூங்கிக்கொண்டிருந்தான். மேல் வகுப்பில் பெரியவர்கள் ஒன்றும் விளங்காமல், விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரையும் ஒரு சோதினை வைச்சுப் பிரிக்கிறன், சுவாமி," என்றேன்.

எழுத்துச் சோதனை உதவாது என்று முதலிலேயே தெரிந்தது. எழுதத் தெரியாமல் பேசத் தெரிந்தவர்கள் பலர். ஆகவே ஆளை எதிரே இருத்தி வாயால் கேட்கும் சோதனை. மட்டையை ஒரே அளவான அட்டைகளாக வெட்டி, அட்டைக்கு ஒரு கேள்வியாக எழுதினேன். கீழ்ப்படியில், செய்து காட்டினாலே போதும் என்ற கேள்விகள்: பெயர் என்ன, கதவைத் திற, உன் இடது கையைக் காட்டு. நடுப்படியில், சொந்தமாக ஒரு வசனமாவது சொல்லவேண்டியவை: நேற்று என்ன செய்தாய், இந்த அறையில் எது உடைந்திருக்கிறது, ஏன் பிந்தி வந்தாய். மேற்படியில், கேட்டதை மனதில் வைத்துத் திருப்பிச் சொல்லவேண்டியவையும், நடக்காத ஒன்றை நினைத்துச் சொல்லவேண்டியவையும்: நேற்றுக் கப்பல் வராமல் விட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

எழுதிய உடனே அது சோதனையாகிவிடாது. எது இலேசு, எது கடினம் என்பது என் மனதில் உள்ள வரிசை. பதில் சொல்பவன் மனதில் உள்ள வரிசை வேறாக இருக்கலாம். வகுப்புக்கு வராத சிலரிடம், அதாவது எவ்வளவு தெரியும் என்று எனக்கு முன்பே தெரிந்தவர்களிடம், கேட்டுப் பார்த்தேன். தபாற்கந்தோர் எழுத்தர் நன்றாகப் பேசுவார், கடைக்காரர் அரைகுறை, தண்ணீர்வண்டிக்காரருக்கு நாலு சொல் தெரியும். நங்கூரம் பற்றிய கேள்விக்குத் தண்ணீர்வண்டிக்காரர் சட்டென்று பதில் சொன்னார், எழுத்தர் முழித்தார். அந்தக் கேள்வி மொழியை அளக்கவில்லை, கடலை அளந்தது. அட்டையைக் கிழித்தேன். நடுப்படிக்கென்று வைத்திருந்த ஒன்று எல்லாரையும் விழுத்தியது. அதை மேலே தூக்கி வைத்தேன். பெயரைக் கேட்பது யாரையும் பிரிக்காது என்று தெரிந்தும் அதை வைத்துக்கொண்டேன். பயந்து வருகிறவனுக்கு வாய் திறக்க ஒரு கேள்வி வேண்டும்.

ஒரு கேள்வியை நம்பி ஒருவனை ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று படிக்கு நாலு கேள்விகள் வைத்தேன். நாலில் மூன்று சரியென்றால் அடுத்த படி. இல்லையென்றால் அங்கேயே நிற்கவேண்டும். ஆனால் உடனே அனுப்பிவிடுவதில்லை. விழுந்த பிறகும் அதற்கு மேலேயுள்ள படியிலிருந்து இரண்டு கேள்வி கேட்பேன். பதற்றத்தில் தடுமாறிய ஒருவன் அதில் எழும்பிவிடுவான் என்று நானே யோசித்துச் சேர்த்தது அது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

சோளகக் காற்று தொடங்கி மணல் கண்ணுக்குள் அடிக்கும் ஒரு நாள், பாலத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்து, அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். நான் விளக்கினேன். ஒரு வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில், தடுமாறாமல், என் சொந்த யோசனையை விளக்குகிறேன் என்ற நினைப்பில் என் குரல் தானாக உயர்ந்தது.

"கீழே விழுந்தவன் மேலே உள்ளதற்குச் சரியாகப் பதில் சொன்னால்?" என்று கேட்டார்.

"அவனுக்குத் தெரியும் என்று அர்த்தம். இலேசானது தெரியாமல் கடினமானது ஒருவருக்கும் தெரியாது."

அவர் அட்டைகளை மேசையில் தட்டி நேராக்கினார். "அப்படியானால் இதில் ஒருவனும் ஒளிய முடியாது," என்றார். பாலத்து ஆட்கள் எல்லாரும், வகுப்புக்கு வருகிறவர்களும் வராதவர்களும், இந்தச் சோதனைக்கு வரவேண்டும் என்று உத்தரவு போடப்போவதாகச் சொன்னார்.

ஒளிவது என்ற சொல்லை ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. சுவாமி வாசல் வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்து, என் முகத்தைப் பாராமல் ஜன்னலைச் சாத்தினார்.

விளங்கவைத்தவர் எருக்கலம்பிட்டிக்காரர் ஒருவர். பாலத்தில் மூட்டை இறக்கும் கூட்டத்துக்குத் தலைவர், பெரிய பகிடிக்காரர். பிந்தி வந்தால் வாசலில் நின்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"ரீச்சர், மேல் வகுப்புக்குப் போறாக்களுக்கு ரயில் டிக்கட்டும் சேத்துக் குடுக்கிறாங்களாமே?"

"என்ன டிக்கட்?"

"திருக்கணாமலைக்கு. போக மட்டும். திரும்பி வர டிக்கட் குண்டு போடுறவன் குடுப்பானாம்."

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. திருகோணமலையில் குண்டு விழுந்து அதிக நாளாகவில்லை. அங்கிருந்து ஓடி வந்தவர்கள் ரயிலில் வந்து மன்னாரில் இறங்கியதை எல்லாரும் பார்த்திருந்தோம்.

சுவாமியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அங்கே கடற்படைத் துறைமுகத்தில் வேலையாட்கள் ஓடிவிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் சொல்வதை விளங்கிக்கொண்டு கூலியாட்களுக்குச் சொல்லக்கூடியவர்கள் வேண்டுமாம். மேற்படி ஏறுகிறவனுக்கு இடமாற்றம். போகமாட்டேன் என்றால் வேலை போய்விடும்.

"நீ சோதினை வைக்கேல்லையெண்டா துரை தானே வைப்பார், பிள்ளை. அவர் வைச்சா முகத்தைப் பாத்துத்தான் பிரிப்பார்."

அன்றைக்கு நான் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் பாலத்துச் சுங்கக் கந்தோரில் சாமான் எண்ணுகிறவர். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் தனுஷ்கோடிக் கப்பலில் வருகிறவர்களோடு பேசிப் பேசி, இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர யாருக்கும் வராத ஆங்கிலம் அவருக்கு வரும். அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாவது தங்கவேண்டும் என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாள்.

அவர்களுக்குச் செய்தி முந்தியே எட்டியிருந்தது.

"இதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப் போடுறாய்?" என்றார் அத்தான். "ஒண்டும் தெரியாதெண்டு சொன்னா முடிஞ்சுது. கேள், கேள். என்ர பேர் என்ன எண்டு கேள்."

கேட்டேன். மேலே கூரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்குக் காது கேக்காதெண்டு நினைச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவினம்," என்றாள்.

"அத்தான், பாலத்தில வேலை செய்யிற ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தெரியாமல் இராது," என்றேன். "தெரியாதவன் எல்லாத்துக்கும் பேசாமல் இருக்கமாட்டான். தெரிஞ்ச சின்னதுக்குச் சந்தோஷமாய்ப் பதில் சொல்லுவான். நடுவில வந்து தடக்குப்படுவான். ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு அதுக்கு மட்டும் பதில் சொல்லுவான். நீங்கள் முதற்படியிலயே விழுந்தா துரைக்கு உடனே விளங்கும்."

"அப்ப எந்தப் படியில விழ வேணும்?"

அந்தக் கேள்விக்கு மன்னார்த்தீவில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

பின்னேரங்களில் அக்காவின் குசினி வாசலில் இருந்து பழக்கினேன். கீழ்ப்படி நாலும் சரியாகச் சொல்லவேண்டும். ஒன்றில் மட்டும் கொஞ்சம் தயங்கலாம். நடுப்படியில் ஒன்று மட்டும் சரி. நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால், நேற்று நான் போகிறேன் என்று இன்றைக்கு நடப்பதுபோலச் சொல்லவேண்டும். ஏன் பிந்தி வந்தாய் என்றால், 'பிந்தி' என்ற சொல்லை மட்டும் பிடித்து, இல்லை, நான் பிந்தவில்லை என்று மறுக்கவேண்டும். நான் பார்த்த கடைக்காரர் அப்படித்தான் செய்தார். பிறகு மேற்படிக் கேள்வி இரண்டு வரும்போது, கேட்கிறவரின் வாயைப் பார்க்கவேண்டும், கண்ணைப் பார்க்கக்கூடாது. விளங்காதவன் வாயைத்தான் பார்ப்பான்.

"பிழையாய்க் கதைக்கிறது சரியாய்க் கதைக்கிறதிலும் கஷ்டம், மச்சாள்," என்று வேர்வையைத் துடைப்பார் அத்தான். "நாக்கு தானாய்ச் சரியான பக்கம் திரும்புது."

"நாக்கைக் கடியுங்கோ," என்பாள் அக்கா உள்ளேயிருந்து. அவள் சிரிப்பது நின்றுபோயிருந்தது.

மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாருக்கும் சொல்லியிருந்தால் எல்லாரும் ஒரே படியில், ஒரே கேள்வியில், ஒரே மாதிரி விழுந்திருப்பார்கள். அதைக் காணாத ஆளல்ல அந்த அதிகாரி. ஒருவரைத்தான் மறைக்க முடியும் என்றால் நான் அக்காவின் புருஷனை மறைத்தேன். வேறு யாரும் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சோதனை நாளில் அதிகாரி பின்சுவரோடு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். காற்று ஓட்டின் மேல் மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. நான் மேசையில் அட்டைகளை மூன்று அடுக்காக வைத்தேன். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தங்கள் பெயர் மறந்துபோயிருந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் விழுந்த பிறகு, அடுத்த படிக் கேள்வி இரண்டையும் நான் கேட்கும்போது மட்டும் அவர் முன்னால் குனிந்தார். பதற்றப்பட்டவனைக் காப்பாற்ற நான் வைத்த இடத்தில் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

எருக்கலம்பிட்டிக்காரர் வந்து இருந்தார். தொப்பியைச் சரிசெய்தார். பெயரைக் கேட்டேன்; உதட்டைப் பிதுக்கினார். கதவைத் திறக்கச் சொன்னேன், அசையவில்லை. நாலும் போயிற்று. நடுப்படியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தேன். அடுக்கில் மேலே இருந்த அட்டையைத்தான் எடுத்தேன். இந்த அறையில் எது உடைந்திருக்கிறது?

அவர் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் போயிற்று. என் தோளுக்கு மேலே, கண்ணாடி உடைந்து மட்டை வைத்து மூடியிருந்த ஜன்னலுக்கு ஒருமுறை போய்த் திரும்பியது.

"போதும்," என்றார் அதிகாரி ஆங்கிலத்தில். "இவர் மேல் வகுப்பு."

எருக்கலம்பிட்டிக்காரர் எழும்பினார். என்னைப் பார்த்து, எப்போதும் சொல்லும் அதே ஆங்கிலத்தில், மிகத் திருத்தமாக நன்றி சொன்னார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

அவருக்குப் பின்னால் நின்றவர் அத்தான்.

பெயரைச் சொன்னார். கதவைத் திறந்தார். இடது கையைக் காட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தார். நேற்று நான் போகிறேன் என்றார். பிந்தவில்லை, பிந்தவில்லை என்று கையை ஆட்டி மறுத்தார். உடைந்தது எது என்று கேட்டபோது மேசையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். மேற்படிக் கேள்வி இரண்டுக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியே இறங்கி நுனியில் நின்றது. அவர் துடைக்கவில்லை. அதிகாரி எழும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்று, மேசையில் இருந்த அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுதான் ஒழுங்காக விழுந்த முதல் ஆள்," என்றார்.

"ஓம் சேர். இவர் நடுவகுப்பு," என்றேன்.

அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தானைப் போக விட்டார். எல்லாரும் முடிந்த பிறகு சுவாமியிடம் சொன்னார்: "வகுப்பு நன்றாக நடக்கட்டும். மடுத் திருவிழா முடிந்த பிறகு திரும்பவும் இதே சோதனை வைப்போம். படித்தால் ஏறத்தானே வேண்டும்? நடுவகுப்பில் இருப்பவர்கள் அதற்குள் மேலே வந்துவிடுவார்கள்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனபின் நான் மூன்று அடுக்கு அட்டையையும் திரும்ப எண்ணி வைத்தேன்.

அப்படி அகப்பட்ட மேல் வகுப்புக்காரர்கள் அடுத்த கிழமை ரயிலேறினார்கள். எருக்கலம்பிட்டிக்காரரின் மனைவி முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"ரீச்சர், அவர் எந்தக் கேள்வியில பிழைவிட்டவர்?"

"அவர் பிழைவிடேல்லை," என்றேன். "அவருக்குத் தெரிஞ்சிருந்தது."

"தெரிஞ்சதுக்கா கொண்டு போனாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. தங்கியது. அத்தான் நடுவகுப்பில் முன்வாங்கில் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரியாததாகப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கரும்பலகையில் எழுதுவேன், பார்த்து எழுதுவார்கள். கேள்வி கேட்டால் எல்லாரும் கொப்பியைப் பார்ப்பார்கள். ஒருநாள் தண்டவாளத்து ஆள் ஒருவர் மறந்துபோய்ச் சரியான விடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். முழு வகுப்பும் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் இருமிக்கொண்டு வெளியே போனார். அடுத்த கிழமை வரை வரவில்லை. பாலத்துக் கந்தோர் எழுத்தர்கள் வீதியால் போகும்போது வகுப்பில் குரல்கள் தாழ்ந்தன. படிப்பிக்கும் சத்தம் என்னுடையது மட்டும்தான்.

திருவிழா முடிந்தது. மடுவுக்குப் போன வண்டில்கள் திரும்பி வந்தன. அதிகாரியும் வந்தார்.

மறுபடியும் அதே மேசை, அதே அட்டைகள். இந்தமுறை யாருக்கும் பெயர் மறக்கவில்லை. யார் யார் எந்தப் படியில் நின்றார்களோ அந்தப் படியிலேயே நின்றார்கள். அத்தான் நேற்று நான் போகிறேன் என்றார். ஒருவர்கூட ஒரு படி ஏறவில்லை. நான் சொல்லிக்கொடுக்காமலே, எப்படி விழுவது என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

கடைசி ஆளும் போனபின் அதிகாரி அட்டைகளை ஒன்றாகச் சேர்த்தார்.

"இரண்டு விதமாக யோசிக்கலாம்," என்றார் என்னிடம். "ஒன்று, இவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள். உன் சோதனையே அதைக் காட்டிக்கொடுக்கும் என்று நீதான் சொன்னாய். ஆனால் அது காட்டிக்கொடுக்கவில்லை. ஆகவே இரண்டாவது: இத்தனை நாளும் நீ இவர்களுக்கு ஒன்றையும் படிப்பிக்கவில்லை."

சுவாமி தரையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நாலைந்து பேர் நின்றார்கள். அத்தானும் நின்றார். ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது அவர்களில் எத்தனை பேருக்கு விளங்கியது என்று எனக்குத் தெரியும். ஒரு முகமும் அசையவில்லை.

படிக்கு நாலு கேள்வி வைத்தது ஏன், நங்கூரக் கேள்வியைக் கிழித்தது ஏன், நான் எவ்வளவு படித்தவள் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை ஒன்றும் தெரியாதவள் என்று சொன்னதில்லை.

"ஓம் சேர். நான் படிப்பிச்சது போதாது," என்றேன்.

அவர் அதைச் சுவாமியிடம் திருப்பிச் சொன்னார். அந்த மாதத்தோடு வகுப்பு நின்றது. ஊரில் கதை பரவியது: பெட்டை பெரிய படிப்புப் படிச்சுது, படிப்பிக்கத் தெரியேல்லை. மீன் காயவைக்கும் பெண்கள் இப்போது சத்தமாகவே சிரித்தார்கள். அத்தான் வாயைத் திறந்து எனக்காக ஒரு சொல் பேசவில்லை. பேசவும் கூடாது. ஒரு சொல் சரியாகப் பேசினால் எல்லாம் போய்விடும்.

அட்டைகளை அதிகாரி திருப்பித் தரவில்லை. ஆசிரியை சரியில்லை, ஆனால் கேள்விகள் நல்லவை என்று சுவாமியிடம் சொன்னாராம். கொஞ்ச நாளில் மன்னாரில் ஒரு கந்தோரிலும், பிறகு முருங்கனிலும் ஆட்களைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, மூன்று அடுக்காக அட்டை வைத்து, பெயர் என்ன என்று தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே கேட்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. விழுந்தவனிடம் மேலேயுள்ள படியிலிருந்து இரண்டு கேள்வியையும் மறக்காமல் கேட்கிறார்களாம்.